ஆய்வுச் செய்தியில் முதலில் தேட வேண்டியவை

"இதனால்தான் நோய் வந்தது" என்று ஓர் ஆய்வு சொன்னால், தகவலை நோய்க்கு முன் வாங்கினார்களா, பின்பா என்று பாருங்கள். நோய் வந்தவர் காரணம் தேடி நினைவைக் கிளறுவார். மற்றவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார். இதுதான் நினைவுச் சாய்வு. அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் தெரிந்தபின், வெயிலில் தோல் கறுப்பது பற்றிச் சிலர் முன்பு எழுதிக்கொடுத்த பதிலே மாறியது.

அப்புறம், பயிற்சி மையம் "90% தேர்ச்சி" என்றால் சேர்ந்தவர் எத்தனை என்று கேளுங்கள். 100 பேரில் 40 பேர் நடுவில் நின்று, மீதியில் 54 பேர் தேறினாலும் 90%தான். சேர்ந்தவர் கணக்கில் வெறும் 54%. எஞ்சியவரை மட்டும் எண்ணும் சாய்வு இது.

தடுப்பூசி அட்டை போல அன்றே பதிவான தகவலுக்கு முதல் கேள்வி வேண்டாம். நின்றவரையும் எண்ணியிருந்தால் இரண்டாவதும் வேண்டாம்.