ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறதா? சார்ஜர் பின் மாற்றுவதற்கு முன் துளைக்குள் பாருங்கள்

கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் சார்ஜ் ஏறும், விட்டால் நின்றுவிடும். இரவெல்லாம் போட்டு வைத்தும் காலையில் முப்பது சதவீதம்தான் இருக்கும். இப்படி ஆனதும் பலரும் முதலில் புதுக் கம்பி வாங்குகிறார்கள், அப்புறம் கடைக்குப் போய் "சார்ஜர் பின் போயிடுச்சு" என்கிறார்கள். பல நேரம் பின் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நூல் பிசிறு அடைத்திருக்கும், அவ்வளவுதான். இப்போது பரவலாக இருக்கும் டைப்-சி போர்ட்டை வைத்தே இதை விளக்குகிறேன்.

ஏன் அடைக்கிறது?

போன் சட்டைப் பையிலும் ஜீன்ஸ் பாக்கெட்டிலும் இருக்கும்போது துணியின் பிசிறு துளைக்குள் நுழைகிறது. அது தானாக உதிர்ந்தால் தொல்லை இல்லை. நாம் தினமும் கம்பியைச் செருகும்போது அதன் முனை அந்தப் பிசிறை உள்ளே தள்ளி, அடிச்சுவரோடு வைத்து அழுத்துகிறது. மாதக்கணக்கில் இப்படி அழுந்திய பிசிறு கெட்டியாகித் தகடு போலாகிவிடும். அப்புறம் முனை முழுதாக உள்ளே போகாது.

அரை மில்லிமீட்டர் வெளியே நின்றால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். டைப்-சி இணைப்பில் மின்சாரம் போகும் தொடுமுனைகள் சற்று நீளமானவை, அவை முதலில் தொடும். போனும் சார்ஜரும் ஒன்றையொன்று அடையாளம் காணும் சிசி என்ற தொடுமுனை குட்டையானது, அது கடைசியில்தான் தொடும். இரு பக்கமும் டைப்-சி உள்ள கம்பியில், சிசி வழியாக போன் இருப்பது தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரத்தையே வெளியே விடும். ஆகவே முனை கொஞ்சம் வெளியே நின்றாலே முதலில் அறுந்துபோவது இந்தப் பேச்சுவார்த்தைதான். ஆட்டினால் ஏறி, விட்டால் நிற்பதும், வேகச் சார்ஜ் சாதாரணச் சார்ஜாக மாறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

பிசிறுதானா என்று எப்படித் தெரியும்?

அதே கம்பியை அதே அடாப்டரோடு வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே 'டிக்' என்று பிடித்து நின்று ஒழுங்காகச் சார்ஜ் ஏறினால் கம்பி நல்லது. அப்புறம் உங்கள் போனில் செருகி, பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். போனின் விளிம்புக்கும் முனையின் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மற்ற போனில் இருந்ததைவிட அதிக இடைவெளி தெரிகிறதா? கடைசியில் 'டிக்' இல்லாமல் மெத்தென்று நிற்கிறதா? லேசாக இழுத்தாலே வந்துவிடுகிறதா? அப்படியென்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது.

உறவுக்காரர் ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய போன் இதற்கு நல்ல உதாரணம். எந்தக் கம்பியைப் போட்டாலும் முனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நின்றது. டார்ச் அடித்து நேராகப் பார்த்தபோது உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது போலத் தோன்றியது, ஏனென்றால் அடியில் படிந்திருந்த சாம்பல் நிறப் படிவையே சுவர் என்று கண் எடுத்துக்கொண்டது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்ததும் அதில் ஒரு நீல நூல் நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளியே வந்த பிசிறு போர்ட்டின் அடிப்பாகம் போலவே வளைந்த விளிம்போடு ஒரே துண்டாக இருந்தது.

சுத்தம் செய்யும் முறை

1. கம்பியைக் கழற்றி, போனை முழுதாக அணைத்துவிடுங்கள். திரையை மட்டும் அணைத்தால் போதாது.

2. மரத்தாலான பல்குச்சி ஒன்றை எடுத்து, நுனியை பிளேடால் இருபுறமும் சீவித் தட்டையாக்குங்கள். இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். போர்ட்டின் நடுவே நாக்கு போன்ற மெல்லிய தகடு ஒன்று நிற்கும், அதன் இரு பக்கமும்தான் தொடுமுனைகள் இருக்கின்றன. நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே உள்ள இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சீவாத பல்குச்சி அதைவிடத் தடிமன். அதை அழுத்தி நுழைத்தால் நாக்குதான் வளையும்.

3. போனின் போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். கிளறியது தானாகக் கீழே விழும்.

4. குச்சியை வெளிச்சுவரை ஒட்டி, நாக்கின் மேல் படாமல், மூலையில் இறக்குங்கள். அடியைத் தொட்டதும் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி, வெளியே கொக்கி போட்டு இழுப்பது போல எடுங்கள். குத்தக் கூடாது, நெம்பக் கூடாது. குச்சி இறங்காத இடத்தில் பலத்தைக் கூட்டாமல், வெளியே எடுத்து இன்னும் மெல்லியதாகச் சீவுங்கள். நாக்கின் இரு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். பலரும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்.

5. மிருதுவான, உலர்ந்த பிரஷ்ஷால் மிச்சத் தூசியைத் தட்டுங்கள். கேமரா சுத்தம் செய்யும் ரப்பர் ஊதுகுழல் இருந்தால் இரண்டு முறை அழுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

6. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மறுபடி பார்த்துவிட்டு, கம்பியைச் செருகி 'டிக்' கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் போனை ஆன் செய்து சார்ஜ் போடுங்கள்.

ஊசி, ஊக்கு, சிம் எடுக்கும் பின் இவற்றையெல்லாம் தொடவே வேண்டாம். போனை அணைத்தாலும் பேட்டரி உள்ளேதான் இருக்கிறது. இரும்பு முனை இரண்டு தொடுமுனைகளை இணைத்தால் ஷார்ட் ஆகலாம், ஆகாவிட்டாலும் பொன்முலாம் கீறும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வேண்டாம். அதன் வேகம் அதிகம், குழாயில் தண்ணீரும் சேர்ந்து வரும். பல் இடுக்குப் பிரஷ் வைத்திருப்பவர்கள் அதன் நடுவே மெல்லிய இரும்புக் கம்பி ஓடுவதைக் கவனியுங்கள்.

ஒட்டும் அழுக்கு தெரிந்தால் மட்டும், 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பிரஷ் நுனியில் லேசாகத் தொட்டுப் பயன்படுத்தலாம். அதன் பிறகு அரை மணி நேரம் காய விடுங்கள். சானிடைசர், தின்னர், பெட்ரோல் இவை எதுவும் அதற்கு மாற்று இல்லை.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்?

நாக்கு வளைந்திருந்தாலோ ஆடினாலோ அங்கேயே நிறுத்துங்கள். தொடுமுனைகளில் பச்சை அல்லது நீலப் பூப்பு தெரிந்தால் அது அரிப்பு, சுரண்டினால் முலாமும் சேர்ந்து போகும். கருகிய கறை, உருகிய பிளாஸ்டிக், எரிந்த வாசனை இருந்தால் சார்ஜ் போடவே கூடாது. போனின் பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், அதை நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். போர்ட்டில் ஈரம் என்று போன் எச்சரித்தால் கிளறாமல், அரிசியிலும் புதைக்காமல், போர்ட் கீழ்நோக்க நிறுத்திக் காற்றில் காய விடுங்கள்.

இரண்டு முறை எடுத்துப் பார்த்தும் பிசிறு வரவில்லை, முனை முழுதாக உள்ளே போகிறது, ஆனாலும் ஆட்டினால்தான் ஏறுகிறது என்றால் போர்ட் தேய்ந்திருக்கலாம். மூன்றாவது முறை குச்சியை விடுவதால் பயனில்லை. பல போன்களில் இந்த போர்ட் சார்ஜிங் போர்டு என்ற தனிச் சிறு பலகையில் இருப்பதால், அதை மட்டும் மாற்றிவிடலாம். கடையில் கொடுக்கும்போது, நீங்கள் ஏற்கனவே சுத்தம் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். தண்ணீர் புகாத போன் என்றால், திறந்து மூடும்போது புது ஒட்டு போடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.