மொபைலில் அழித்தால் கிளவுடில் இருக்கும் என்ற நம்பிக்கை

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் "எல்லாம் போயிடுச்சு சார்" என்று யாராவது வந்து நிற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். பாஸ்வேர்டை மறந்தது, டிஸ்கைக் கீழே போட்டது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். கிளவுடும் வீட்டிலிருக்கும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைப்பதால் வருகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஏற்றியாச்சே என்று மொபைலில் அழிப்பது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான்.

ஹார்ட் டிஸ்கில் ஒரு போட்டோவை காப்பி செய்தால் அது தனிப் பிரதி. மொபைலில் இருக்கும் மூலத்தை அழித்தாலும் டிஸ்குக்கு அது தெரியவே தெரியாது. கிளவுடில் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது காப்பி அல்ல, சிங்க். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் சிங்க்கின் வேலை. அதனால் நீங்கள் அழித்ததையும் அது அப்படியே அங்கேயும் அழித்துவிடும்.

ஒருவர் வந்தார். 64 ஜிபி மொபைல் நிரம்பிவிட்டது. பேக்கப் முடிந்துவிட்டது என்று கூகுள் போட்டோஸ் காட்டியதும், அதே ஆப்புக்குள் பழைய படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறார். ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், படிக்காமல் சரி கொடுத்திருப்பார். இடம் கிடைத்தது, சந்தோஷம். சில மாதம் கழித்து மகளின் முதல் பிறந்தநாள் படங்களைத் தேடும்போதுதான் கிளவுடிலும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. பேக்கப் ஆன படங்கள் டிராஷில் 60 நாள் இருக்கும், அதற்குள் வந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்தக் கெடு தாண்டிவிட்டது.

"ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க" என்றார். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் அழித்த ஃபைல், அதன் இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரை, பல நேரம் மீண்டு வரும். இப்போதைய மொபைல்களில் சேமிப்பு முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கும், அழித்த இடத்தை மொபைலே துடைத்துவிடும். நான் செய்ய ஒன்றுமில்லை.

அவர் செய்திருக்க வேண்டியது அதே ஆப்பில் இருக்கும் `Free up space`. அது பேக்கப் ஆன படங்களை மொபைலிலிருந்து மட்டும் நீக்கும், கிளவுடைத் தொடாது. ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் அழிப்பது எல்லா இடத்திலும் அழிப்பதுதான், அவகாசமும் 30 நாள்தான்; அங்கே இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் `Optimize iPhone Storage` போட வேண்டும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி நிரம்பியதென்று வெப்சைட்டில் போய் அழிப்பார்கள், அந்த ஃபோல்டர் சிங்க்கில் இருப்பதால் டெஸ்க்டாப்பிலிருந்தும் காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் தேவையில்லாத ஒரே ஒரு படத்தை அழித்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது பேக்கப் அல்ல.

டிஸ்குக்கு கட்-பேஸ்ட் செய்வது

அப்போதும் பிரதி ஒன்றுதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருப்பது

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற வைரஸ் வந்தால் சி டிரைவோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் `Eject` கொடுத்துக் கழற்றி வையுங்கள். வைரஸ் எட்டாத பிரதி என்பதுதான் கிளவுட் சிங்க்கைவிட டிஸ்குக்கு இருக்கும் பெரிய பலமே, அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திருட்டோ வெள்ளமோ வந்தால் கம்ப்யூட்டரும் டிஸ்கும் ஒரே வீட்டிலிருந்து சேர்ந்தே போகும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில்தான் கிளவுட் உதவுகிறது.

வேகத்தைக் கணக்கில் எடுக்காதது

500 ஜிபியை யுஎஸ்பி 3 டிஸ்கில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதையே 40 எம்பிபிஎஸ் அப்லோடில், அதாவது நொடிக்கு 5 எம்பி வேகத்தில், கிளவுடுக்கு அனுப்ப, இடையில் தடை எதுவும் இல்லாவிட்டாலும் 28 மணி நேரம் ஆகும். பாதியில் லேப்டாப்பை மூடிவிட்டு "ஏறிடுச்சு" என்று நினைப்பவர்கள் நிறைய. ஏறி முடிந்ததா என்று ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் மூலத்தில் கை வைக்க வேண்டும்.

அக்கவுண்டை மறந்துவிடுவது

தனிநபர் கூகுள் அக்கவுண்டை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளடக்கத்தோடு நீக்க கூகுளுக்கு விதி இருக்கிறது. பீரோவில் கிடக்கும் டிஸ்கை யாரும் நீக்க மாட்டார்கள், ஆனால் அது தானாகவே கெட்டுப்போகலாம், அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது சொருகி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்க வேண்டாம்.