குரூப் போட்டோவில் கண் மூடியவருக்கு வேறு முகம் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக் கல்யாண மண்டப மேடையில் 12 பேர் நிற்கும் படம். எல்லாரும் நன்றாக விழுந்திருக்க, இரண்டாம் வரிசையில் அத்தை மட்டும் கண்ணை மூடிவிட்டார். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் அவர் கண் திறந்திருக்கிறது. ஒன்றில் பளிச்சென்று சிரிக்கிறார், ஆனால் பெண்ணின் பக்கம் தலை திரும்பியிருக்கிறது. இன்னொன்றில் சிரிப்பு சுமார்தான், தலை மட்டும் பழையபடியே நேராக நிற்கிறது.

பெரும்பாலோர் முதல் படத்தை எடுப்பார்கள். வேலை கெடுவது அங்கேதான். திரும்பிய தலையை நேரான கழுத்தில் வைத்தால் தோடும் தாடையும் சங்கிலியும் ஒன்றோடொன்று சேராது. இரண்டாவதே சரி. அதிலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஏறாமல் படம் கறுத்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வீடியோ லைட் இடம் மாறி நிழல் திரும்பியிருந்தால் சரிசெய்வது மிகக் கடினம்.

போட்டோஷாப்பில் அத்தை கண் மூடிய படத்தையும் இந்த இரண்டாவது படத்தையும் File > Scripts > Load Files into Stack வழியாக ஒரே ஃபைலில் திறந்து, இரண்டு லேயரையும் தேர்ந்தெடுத்து Edit > Auto-Align Layers கொடுங்கள். இதோடு பொருந்திவிட்டது என்று நம்புவது அடுத்த தவறு. அது படம் முழுவதையும் பார்த்துப் பொருத்தும். அத்தை மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தால் அவர் விலகியேதான் இருப்பார். அத்தையின் நல்ல முகம் உள்ள லேயரை மேலே வைத்து, அதன் பிளெண்ட் மோடை Difference-க்கு மாற்றினால், ஒத்துப்போகும் இடம் கறுப்பாகத் தெரியும். பொட்டும் மூக்குத்தியும் நன்றாகக் கறுக்கும்வரை லேயரை நகர்த்திவிட்டு, Normal-க்குத் திரும்புங்கள். மாஸ்க் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

கண்ணை மட்டும் வெட்டி ஒட்டவே கூடாது. கண் மூடும்போது புருவமும் கன்னமும் சேர்ந்தே அசைகின்றன; அதனால் ஒட்டிய கண் அந்நியமாகத் தெரியும். முகத்தை முழுசாக எடுங்கள். Alt விசையை அழுத்தியபடி மாஸ்க் பொத்தானைத் தட்டினால் கறுப்பு மாஸ்க் வரும். அதில் வெள்ளை பிரஷால் முகத்தைத் தீட்டி வெளிக்கொண்டு வாருங்கள். கன்னத்தின் நடுவில் மாஸ்க்கை நிறுத்தினால் நிற வித்தியாசம் கோடாக விழும். தாடை விளிம்பு, சேலைக்கரை, தலைமுடி என்று படத்தில் ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் நிறுத்தினால் கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் சீரியல் செட் மின்னினால் ஒவ்வொரு படத்திலும் விளக்கு வேறு மாதிரி எரிந்திருக்கும். ஆகவே முடிக்கு உள்ளேயே நின்றுவிடுங்கள். தோளில் தொங்கும் மல்லிகைச் சரத்தையும் பாதியில் வெட்டாதீர்கள்: முழுசாக எடுங்கள், இல்லையேல் முழுசாக விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் 100% அளவில் வைத்து, மேல் லேயரின் கண் குறியை அணைத்து அணைத்துப் போடுங்கள். தோடு இரட்டையாகத் தெரிகிறதா, பக்கத்தில் நிற்பவரின் தோள் அறுந்திருக்கிறதா என்பது அப்போது பிடிபடும். இவ்வளவு செய்தும் அத்தையின் தலை எதிலும் பொருந்தவில்லை என்றால், அவர் நன்றாக இருக்கும் படத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் கெட்டிருக்கும் மற்றவர் முகத்தை மாற்றிப் பாருங்கள். எந்தப் படத்தில் மாற்ற வேண்டிய முகம் குறைவோ, தலைகள் நன்றாக ஒத்துப்போகின்றனவோ, அதுவே அடிப்படைப் படம்.