வேறு துறைக்காரர்கள் முன்னால் முதல் ஒரு நிமிடம்: ஆய்வு மாணவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி?

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பல்துறை ஆய்வுக் கருத்தரங்கு. எனக்கு 15 நிமிடம். எதிரே தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம், விலங்கியல் ஆய்வாளர்கள். நான் வேதியியல், கடற்பாசியிலிருந்து அகார் என்ற உறைய வைக்கும் பொருளை எடுப்பது என் ஆய்வு. பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி: "கடல்பாசி இனிப்புப் பண்டமாச்சே, அதில் எதுக்கும்மா காரம் போடுறீங்க?"

கேட்டவர் வணிகவியல் ஆய்வாளர். தெரியாமல்தான் கேட்டார், அவர் மேல் தவறே இல்லை. என் அறிமுகத்தில் "காரச் செயல்முறை" என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிர். வெளியே காரம் என்றால் மிளகாய். 15 நிமிடமும் அவர் மிளகாயை நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அதன் பிறகு இரண்டு கருத்தரங்குகளுக்கு அறிமுகத்தை மாற்றி எழுதிப் பார்த்தேன். இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்களைப் பற்றித் தலைவர் என்ன வாசிக்கப்போகிறார் என்று கேளுங்கள்

அமர்வுத் தலைவர் உங்கள் பெயர், துறை, நெறியாளர் பெயரை வாசிப்பார். அதையே நீங்களும் திரும்பச் சொன்னால் 20 வினாடி போய்விடும். மூன்று வரிக் குறிப்பை நீங்களே தமிழில் எழுதி, முதல் நாளே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். ஆய்வுத் தலைப்பு முழுதாக அந்தக் குறிப்பில் இருக்கட்டும், உங்கள் வாயால் வேண்டாம். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிப்பதும் தேவையில்லை. "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" போதும்.

2. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

என் தலைப்பு: "மன்னார் வளைகுடாக் கிராசிலேரியா எடுலிஸ் கடற்பாசியிலிருந்து காரச் செயல்முறையால் பெறப்படும் அகாரின் இயற்பிய வேதிப் பண்புகள்". பதிவாளர் அலுவலகத்துக்கு இது சரி. காதால் கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது.

தலைப்பை மூடி வைத்துவிட்டு, நீங்கள் தினமும் ஆய்வகத்தில் எதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதுங்கள். நான் எழுதியது: "இந்தப் பாசியைக் காய்ச்சினால் கெட்டியாக உறைய மாட்டேன் என்கிறது. உறைய வைக்க காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறோம். ஆனால் சோடா கூடினால் கிடைக்கும் அகார் குறைகிறது. எந்த அளவில் நிறுத்துவது?" இந்த இழுபறிதான் ஆய்வு. இதைச் சொன்னால் வணிகவியல்காரருக்கும் பிடிபடுகிறது. அவர் துறையிலும் ஒன்று கூடினால் ஒன்று குறையும்.

3. இரட்டைப் பொருள் சொற்களைப் பிடியுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புரியாத சொல் வந்தால் கேட்பவர் விழிப்பார், நமக்குத் தெரிந்துவிடும். புரிந்த மாதிரி இருந்து வேறு பொருள் தரும் சொல்லில்தான் ஆபத்து. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தலையாட்டிக்கொண்டே வேறு கதை கேட்பார்கள்.

அறிமுகத்தை எழுதி, உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் "இது என்ன?" என்று கேளுங்கள். நான் சின்னப்பாலத்தில் இருக்கும் என் சித்தியிடம் கேட்டேன். பல வருடம் முங்கிப் பாசி எடுத்தவர். அவர் சொன்ன பதிலில் மூன்று சொற்கள் மாட்டின.

"காரம்" முதலாவது. அதை "காஸ்டிக் சோடா" என்று மாற்றினேன்.

இரண்டாவது "பாசி". குளத்தில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் போடுவதும் பாசி. சித்தியோ, "எந்தப் பாசி? மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா, கஞ்சிப்பாசியா, கயித்துல கட்டி வளக்குறதா?" என்றார். என் தலைப்பில் உள்ள கிராசிலேரியா எடுலிஸ்தான் கஞ்சிப்பாசி. கயிற்றில் வளர்ப்பது கப்பாஃபைகஸ். வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்ததால் எழுந்த சர்ச்சை விலங்கியல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் வெறும் "பாசி" என்றால் அவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். கேள்வி நேரம் முழுக்கப் பவளப்பாறையிலேயே போய்விடும்.

மூன்றாவது "வலிமை". உறைந்த அகாரின் வலிமை என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தண்டை அதன் மேல் அழுத்தும்போது எத்தனை கிராம் எடையில் உடைகிறது என்பது. சித்தி அதை உடம்புக்குத் தெம்பு தருவது என்று எடுத்துக்கொண்டார். இப்போது "வெட்டினால் துண்டு நிற்குமா" என்றுதான் சொல்கிறேன்.

4. அவர்கள் ஏற்கனவே தொட்டிருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பக்கம் நோன்புக் காலத்துக் கடல்பாசியைச் சாப்பிடாதவர் குறைவு. என் இப்போதைய அறிமுகம்:

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியலில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. நோன்பு நேரத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறியதும் கத்தியால் கீறித் தருவார்களே கடல்பாசி, அதை உறைய வைப்பது அகார். நம் கரையில் பெண்கள் முங்கி எடுக்கும் கஞ்சிப்பாசியிலும் அகார் உண்டு. ஆனால் அப்படியே காய்ச்சினால் தளதளவென்று இருக்கும், வெட்டினால் துண்டு நிற்காது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவி, பிறகு காய்ச்சினால் நிற்கிறது. சோடா கூடினால் கிடைக்கும் அகார் குறைகிறது. எந்த அளவில் நிறுத்துவது என்பதே என் கேள்வி. இன்று நான் பாசி என்றால் கஞ்சிப்பாசி மட்டுமே; கயிற்றில் வளர்க்கும் பாசியில் நான் வேலை செய்யவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எதைச் செய்யவில்லை என்று ஒரு வரி சொன்னால் கேள்விகள் உங்கள் வேலையைச் சுற்றியே வரும். சல்பேட் நீங்குவதால்தான் உறைவு கெட்டியாகிறது என்ற விளக்கத்தை வேண்டுமென்றே வைக்கவில்லை. அது ஐந்தாவது நிமிடத்துக்கு உரியது.

5. ஒத்திகை

அறிமுகத்துக்கு ஸ்லைடு வேண்டவே வேண்டாம். திரையில் எழுத்து வந்தால் கண் அங்கே போய்விடும். கையில் ஒரு அட்டை, அதில் நான்கு சொற்கள்: தட்டு, துண்டு, சோடா, எந்தப் பாசி. போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வேகமாகப் பேசாதீர்கள், ஒரு வாக்கியத்தை வெட்டுங்கள்.

பிற்சேர்க்கை

பின்னூட்டத்தில் வரலாற்று ஆய்வாளர் ஒருவர், "எனக்குத் தொட்டுக் காட்டப் பொருள் இல்லையே, ஆவணங்கள்தான்" என்றார். ஒரே ஒரு ஆவணத்தின் ஒரே ஒரு வரியை வாசித்துக் காட்டித் தொடங்குங்கள். அதில் "காணி" மாதிரி ஒரு சொல் இருந்தால், நில அளவா உரிமையா என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அதுதான் "காரம்".

மாற்றிய சொல்லே புதுக் கேள்வியைக் கிளப்பினால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அது எனக்கும் நடந்தது. மாற்றிய அறிமுகத்தோடு பேசியபோது மிளகாய்க் கேள்வி வரவில்லை, "காஸ்டிக் சோடா போட்டதைச் சாப்பிடலாமா?" என்ற கேள்வி வந்தது. ஒரு சொல்லை மாற்றும்போது அது கொண்டுவரும் பயத்தையும் பார்க்க வேண்டும். அதனால் இப்போது "கழுவி" என்பதை "நீர்த்த அமிலத்தால் சோடாவை முறித்து, நன்றாகக் கழுவி" என்று மாற்றியிருக்கிறேன். அதற்கு ஈடாக "நம் கரையில்" என்ற வாக்கியத்தைச் சுருக்கியதும் மீண்டும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.