பார்வைப் பாதையில் பழுது எங்கே? படம் போட்டுக் கண்டுபிடிப்போம்

பார்வைக் குறைபாடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு தாள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா இருந்தால் அந்தப் பட்டியலை நாமே வரைந்து எடுத்துவிடலாம்.

படி 1: கண்களை வரையுங்கள்

தலையை மேலிருந்து பார்ப்பதுபோல் இரண்டு வட்டங்கள் போடுங்கள். இடது கண் தாளின் இடப்பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு விழித்திரையையும் நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பாதிகளுக்கு நீலமும் வலப்பாதிகளுக்குச் சிவப்பும் பூசுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் திருப்பிவிடுவதால், நமக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் நீலத்தில் விழும், இடப்பக்கம் இருப்பது சிவப்பில். மேல் கீழும் அப்படித்தான்: மேலே இருப்பது விழித்திரையின் கீழ்ப்பாதியில் விழும்.

படி 2: நரம்புகளை இழுங்கள்

விதி ஒன்றுதான். மூக்குப் பக்கப் பாதியிலிருந்து வரும் இழைகள் எதிர்ப்பக்கம் கடக்கும். பொட்டுப் பக்க இழைகள் கடக்காமல் நேரே போகும். கடக்கும் இடம் ஆப்டிக் கயாசம். பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே இருக்கிறது.

வரைந்து முடித்ததும் பாருங்கள்: இரண்டு கண்களின் நீலமும் இடது மூளைக்கு வந்துவிட்டது, சிவப்பு முழுக்க வலது மூளைக்கு. கயாசத்துக்குப் பின்னால் ஆப்டிக் ட்ராக்ட், அப்புறம் தலாமஸில் ஒரு நிறுத்தம், அங்கிருந்து ஆப்டிக் ரேடியேஷன் என்ற இழைக்கற்றை, கடைசியில் பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணி. ரேடியேஷனின் மேலிழைகள் பெரைட்டல் மடல் வழியே போகின்றன. கீழிழைகள் டெம்பொரல் மடலுக்குள் முன்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்னால் போகின்றன. இதற்கு மேயர் வளைவு என்று பெயர்.

படி 3: வெட்டிப் பாருங்கள்

கயாசத்துக்கு முன்னால், ஒரு பக்கப் பார்வை நரம்பை முழுதாக வெட்டினால் அந்தக் கண் மட்டும் போகும்.

கயாசத்தை நடுவில் வெட்டினால் கடக்கும் இழைகள் மட்டும் அறுபடும். வலது கண்ணில் வலப்புறமும், இடது கண்ணில் இடப்புறமும், அதாவது இரண்டு வெளிப்புறங்களும் இருளும். பிட்யூட்டரி கட்டி கீழிருந்து மேல்நோக்கி அழுத்துவதால் கீழிழைகள்தான் முதலில் அடிபடும். அவை மேல்பகுதிக் காட்சியைச் சுமப்பவை. எனவே வெளிப்புற மேல்மூலைகள் முதலில் மங்கும். ஒரு கண் விட்டதை மற்றொன்று ஈடுகட்டுவதால் பலருக்கு இது வெகுநாள் தெரிவதே இல்லை.

கயாசத்துக்குப் பின்னால் எங்கே வெட்டினாலும் இரண்டு கண்களிலும் ஒரே பக்கம் போகும். மேயர் வளைவு மட்டும் பழுதானால் எதிர்ப்பக்க மேல்கால்பகுதி போகும். வலிப்பு நோய்க்காக டெம்பொரல் மடலில் அறுவை செய்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். பெரைட்டல் பாதிப்பில் கீழ்க்கால்பகுதி.

படி 4: விரல்களால் சோதியுங்கள்

நோயாளிக்கு நேரெதிரே, சுமார் 1 மீட்டர் தள்ளி, கண்கள் ஒரே உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். அவர் உள்ளங்கையால் இடது கண்ணை மூடட்டும். நீங்கள் உங்கள் வலது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவில், நான்கு மூலைகளிலும் 1, 2 அல்லது 5 விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். அவர் பார்வை உங்கள் விரலுக்குத் தாவினால் அந்த முறை செல்லாது, திரும்பச் செய்யுங்கள். பிறகு அடுத்த கண். பிட்யூட்டரி சந்தேகம் இருந்தால் சிவப்புத் தலை ஊசி இன்னும் நல்லது: நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்புறம் போனதும் சிவப்பு வெளிறித் தெரிகிறதா என்று கேளுங்கள். சின்னப் பழுதுகள் இதில் தப்பிவிடும். அவற்றுக்குப் பார்வைப் பரப்பை அளக்கும் பெரிமெட்ரி கருவிதான் வேண்டும்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

ரத்த அழுத்தம் உள்ள ஒரு பெரியவர், "காலையிலிருந்து வலது கண்ணு தெரியல" என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்க்கச் சொன்னால், அதிலும் வலப்பக்க விரல்கள் தெரியவில்லை. அப்படியானால் பழுது கண்ணில் இல்லை, கயாசத்துக்குப் பின்னால், இடது மூளையில். மேலும் கீழும் சேர்ந்தே போயிருக்கிறது, இரண்டு கண்களிலும் ஒரே அளவில். ட்ராக்டில் பழுது என்றால் இரண்டும் இப்படி அச்சாக ஒத்துப்போவது அரிது. கண் பாப்பாவின் வெளிச்ச எதிர்வினையிலும் பெரும்பாலும் வேறுபாடு தெரியும், ஏனென்றால் அதற்கான இழைகள் தலாமஸ் நிறுத்தத்துக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. இவருக்குப் பாப்பா இரண்டும் ஒழுங்காகச் சுருங்குகின்றன. கை கால் பலவீனம் இல்லை, பேச்சும் தெளிவு. செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கிட்டத்தில் பிடித்து வாசிக்கிறார், ஆகவே நடுப்பார்வை தப்பியிருக்கிறது. எல்லாம் இடது பின்மண்டைப் புறணியைக் காட்டுகின்றன. அங்கே ரத்தம் கொண்டுபோகும் பின்பெருமூளைத் தமனி அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். நடுப்பார்வைக்கான புறணிமுனைக்குப் பலரிடம் பக்கத்துத் தமனியிலிருந்தும் ரத்தம் வருவதால் அது தப்பிக்கிறது.

இவருக்கு முதலில் வேண்டியது கண்ணாடி அல்ல, அவசரமாக மூளை ஸ்கேன். ஒவ்வொரு கண்ணாக மூடி விரல்களால் சோதிக்காமல் எழுத்துப் பலகையை மட்டும் காட்டியிருந்தால், இரண்டு கண்ணுக்கும் 6/6 என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கவும்கூடும்.