உம்மாவின் ஒரு பக்க மருத்துவக் குறிப்பு

கீழக்கரையிலிருந்து உம்மா கனடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். பன்னிரண்டு ஆண்டுச் சீட்டுகள் ஒரு துணிப்பையில் கிடந்தன. அங்குள்ள மருத்துவர் அதைப் புரட்டமாட்டார் என்று ஒரே பக்கமாக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மாத்திரைகளின் கடைப்பெயரையே எழுதிவிட்டேன். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தேன்: ஒரே மாத்திரைக்குள் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் என இரண்டு சர்க்கரை மருந்துகள். உம்மா அதை ஒரு மருந்தாகவே எண்ணியிருந்தார். இரண்டையும் தனித்தனியே, எந்த வேளை என்பதோடு எழுதினேன்.

அடுத்தது சர்க்கரை அளவு. இங்கே வெறும் வயிற்றில் 144 என்று மில்லிகிராமில் சொல்வதை அங்கே மில்லிமோல் என்ற அலகில் பார்ப்பார்கள். 18ஆல் வகுத்தால் 8. இரண்டையும் அலகோடு, தேதியோடு போட்டேன். மாதத்தை எழுத்தில் எழுதினேன். 4/7 என்றால் ஏப்ரலா ஜூலையா என்ற குழப்பம் வரும்.

பென்சிலின் ஊசியால் உடம்பெல்லாம் தடித்தது எந்தச் சீட்டிலும் இல்லை. அதைப் பக்கத்தின் தலையில், "நோயாளி சொன்னது, ஆவணம் இல்லை" என்று எழுதினேன். பழைய இசிஜி தாள் வெளுத்திருந்தது. மிச்சம் தெரிந்ததை நகலெடுத்துப் பின்னால் இணைத்தேன். கடைசியில் எங்கள் மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.