கொய்யாவில் பாதி: ஞாயிறு பள்ளிக்கு நான்கு நிமிடப் பொம்மை நாடகம்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான நாடகம் இது. அணில், கிளி என்று இரண்டே பொம்மைகள். ஒருவரே இரண்டு கைகளாலும் நடத்திவிடலாம்.

நீளமான பழைய சாக்ஸ் இரண்டு எடுங்கள்: பழுப்பு அணிலுக்கு, பச்சை கிளிக்கு. கட்டைவிரல் குதிகால் பக்கமும் மற்ற விரல்கள் நுனியிலும் இருக்கட்டும். நடுவே மடியும் இடம்தான் வாய். கண்ணுக்குப் பட்டன்களைத் தைத்துவிடுங்கள். சாக்ஸ் இழுபடும்போது பசை விட்டுவிடும்.

கைக்கு அடங்கும் ஸ்பாஞ்சைக் கொய்யா வடிவில் வெட்டி, இரண்டாகப் பிளந்து, வெளியே பச்சையும் உள்ளே ரோஸும் பூசுங்கள். இரு பாதிகளையும் விரல் நகமளவு வெல்க்ரோவால் ஒட்டுங்கள். துண்டு பெரிதானால் பழம் பிரியாது, இழுக்கிற வேகத்தில் சாக்ஸ்தான் கழன்று வரும்.

மேசைமேல் தரைவரை துணி போட்டு, பின்னால் மண்டியிட்டு உட்காருங்கள்.

அணில் (வாயில் பழத்தோடு வந்து, கீழே வைத்து): ஐ! எவ்வளவு பெரிய கொய்யா! எனக்கே எனக்கு!

கிளி: அணிலே, எனக்குப் பசிக்குது. கொஞ்சம் தர்றியா?

அணில்: ம்ஹூம். நான்தான் முதல்ல பார்த்தேன்.

கிளி: சரி. (தலை குனிந்து ஓரமாகப் போகிறது.)

அணில் (பழத்தைப் பார்க்கிறது, கிளியைப் பார்க்கிறது): குட்டிகளா, கிளி ஏன் அங்கே போயிட்டா?

(பிள்ளைகள் சொல்லட்டும்.)

அணில்: பசிச்சா எனக்கும் வயிறு வலிக்கும்… கிளி, இங்கே வா! அந்தப் பக்கம் பிடி. ஒண்ணு, ரெண்டு, மூணு!

(இரண்டு வாயும் இழுக்க, பழம் பிரிகிறது.)

கிளி: உள்ளே ரோஸ் கலர்!

அணில்: உனக்குப் பாதி, எனக்குப் பாதி.

அணில் கேள்வி கேட்டதும் பிள்ளைகள் "குடு, குடு" என்று கத்துவார்கள். உடனே கொடுத்துவிடாதீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணும்வரை அணில் பழத்தையும் கிளியையும் மாறி மாறிப் பார்க்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், சத்தம் போட்டதால்தான் அணில் கொடுத்தது என்று அவர்களுக்குத் தோன்றும். கிளி பதிலுக்குப் பரிசு கொண்டுவருவதாக முடிவை நீட்டவும் வேண்டாம். அப்படி முடித்தால், அடுத்த வாரம் பென்சில் கொடுக்கிற பிள்ளை "எனக்கு என்ன தருவே?" என்று கேட்கும்.

பழகாத கையில் பொம்மை கூரையைப் பார்க்கும். மணிக்கட்டைச் சற்றுக் கீழே மடக்கினால் பார்வை பிள்ளைகள்மேல் விழும். பேசும்போது ஒவ்வொரு அசைக்கும் வாய் திறக்க வேண்டும். மூடுவதில் அழுத்தம் கொடுத்தால் சொற்களைக் கடித்துத் தின்பதுபோல் இருக்கும்.

நாடகம் முடிந்ததும் பொம்மைகளை மேசைக்கடியில் வைத்துவிட்டு, யோவான் 6-ஆம் அதிகாரத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைப் பற்றி உங்கள் முகத்தோடு, உங்கள் குரலில் சொல்லுங்கள். பொம்மை வெளியே இருந்தால் எல்லாக் கண்ணும் அதன்மேலேயே இருக்கும். பிறகு இருவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, அவர்களே உடைக்கட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யாரென்று பெற்றோரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.